சுவர் நெளிந்திருக்கிறது: கவராயத்தை எத்தனை மிமீ திறப்பது?

லயத்துவீடு | சனி, 14 ஜூன், இரவு 9.40

சுங்கை சிப்புட்டில் அம்மா வீடு. கூடத்தில் புத்தக அலமாரி, 2100 மிமீ உயரம். அலமாரியின் வலப்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. பல்லி, கரப்பான், அம்மாவின் சீப்பு எல்லாம் அதற்குள் போகின்றன. ஒரு பலகையை நெட்டாக வைத்து அடைக்க வேண்டும்.

சுவர் பழைய கையால் பூசிய சுவர். இடைவெளியை அளந்ததில் உச்சியில் 62, நெஞ்சு உயரத்தில் 41 (அங்கே சுவர் புடைத்திருக்கிறது), கீழே 54, தரையோரம் ஸ்கர்ட்டிங் ஓடு 10 மிமீ வெளியே நீட்டுவதால் 44.

பலகை 18 மிமீ பிளைவுட், மைக்கா ஒட்டியது, 70 மிமீ அகலம். அதை அலமாரியின் முகப்பில் கிளாம்ப் போட்டு, சுவர்ப் புடைப்பில் முட்டும்வரை தள்ளி நிறுத்தினேன். இப்போது பலகைக்கும் சுவருக்கும் நடுவே மிகப் பெரிய இடைவெளி உச்சியில் 21. வீடியோக்களில் சொல்கிறபடி கவராயத்தை 21 திறந்து, முள்ளைச் சுவரிலும் பென்சிலைப் பலகையிலும் வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். கோடு அழகாக விழுந்தது.

ரம்பத்தை எடுக்கும் முன் கோட்டின்படி பலகை அகலத்தை அளந்தேன். உச்சியில் 70, நடுவில் 49, கீழே 62, ஓட்டருகே 52. எனக்கு வேண்டியது 62, 41, 54, 44. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி 8 மிமீ அதிகம். வளைவு சரி, அளவு தப்பு. இது எப்படி?

---

வீக்கெண்ட் தச்சன் | சனி, 14 ஜூன், இரவு 10.05

விதி ஒன்றுதான். பெரிய இடைவெளி எவ்வளவோ அவ்வளவு திறக்க வேண்டும், அதற்குமேல் ஒரு மயிரிழை. நீங்கள் செய்தது சரி. கோடு போடும்போது பலகை நகர்ந்திருக்கும், ஒரு கிளாம்ப் பத்தாது. இன்னொன்று, பலகையை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தினீர்களா?

இல்லையென்றால் அலமாரிப் பக்கத்து நேர் விளிம்பில் 8 மிமீ சீவி எடுத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

---

தே தாரேக் | சனி, 14 ஜூன், இரவு 10.20

அம்மாவுக்குச் சீப்பு போய்ச் சேர ஓர் இடம் வேண்டாமா லா.

---

பழைய இழைப்புளி | ஞாயிறு, 15 ஜூன், காலை 6.50

பலகை நகரவில்லை. நகர்ந்திருந்தால் பிழை எல்லா இடத்திலும் ஒரே 8 ஆக வராது. ஓரிடத்தில் 8, இன்னோர் இடத்தில் 5 என்று வரும். ஒரே அளவில் பிழை வந்தால் திறப்பில்தான் தப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீக்கெண்ட் தச்சன் சொன்ன விதி பாதி வேலைக்குப் பொருந்தும். மேசைத்தட்டைச் சுவரோடு ஒட்டுகிறோம், முன்விளிம்பு எங்கே நின்றாலும் கவலை இல்லை என்றால் பெரிய இடைவெளி அளவுக்குத் திறந்தால் போதும். மரம் குறைவாக வீணாகும். இந்தப் பலகையின் கதை வேறு. இதன் மறுவிளிம்புக்கு ஓர் இடம் குறித்திருக்கிறது. அது அலமாரியின் பக்கத்தோடு போய்ச் சேர வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வெட்டிய பிறகு இந்தப் பலகை எவ்வளவு தூரம் சுவரை நோக்கி நகர வேண்டும் என்பது. நகரும் தூரம்தான் கவராயத்தின் திறப்பு.

தங்கையின் கணக்கையே எடுப்போம். பலகை 70. புடைப்பில் முட்டி நிற்கிறது, அங்கே இடைவெளி 41. அப்படியானால் பலகை அலமாரி முகப்பின்மேல் ஏறி நிற்பது 29. அந்த 29 முழுவதும் நகர்ந்து போனால்தான் நேர் விளிம்பு அலமாரியின் பக்கத்தைத் தொடும். திறந்ததோ 21. மீதி 8 எங்கே போகும்? அதுதான் உங்கள் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது.

29 திறந்து இன்னொரு கோடு போடுங்கள். உச்சியில் சுவர் 21 தள்ளி இருப்பதால் பென்சில் விளிம்பிலிருந்து 8 மிமீ உள்ளே விழும், அகலம் 62. புடைப்பில் 29 உள்ளே விழும், அகலம் 41.

---

பழைய இழைப்புளி | ஞாயிறு, 15 ஜூன், காலை 7.15

எழுதி முடித்து ரொட்டி வாங்கப் போன வழியில் தோன்றியது. பலகையைச் சுவரில் முட்ட வைக்கவே தேவையில்லை. அலமாரிமேல் ஏறி நிற்கும் அளவை 30 என்று முழு எண்ணாக வைத்துவிடுங்கள், திறப்பும் 30. புடைப்பில் ஒரு மிமீ வெளிச்சம் தெரியும், தெரியட்டும். உச்சியில் பலகைக்கும் சுவருக்கும் 22 இருக்கும், 30இல் 22 போக 8. அதே 8தான். பலகை எங்கே நின்றாலும், ஏறி நிற்பதும் திறப்பும் ஒன்றாக இருந்தால் கோடு அதே இடத்தில்தான் விழும்.

ரசமட்டம் பற்றி. இங்கே அது வேண்டாம். அலமாரியே ஒரு பக்கம் 2 மிமீ சாய்ந்து நின்றால் நேராக நிறுத்திய பலகை அதோடு சேராது. உச்சியிலும் 30, அடியிலும் 30 ஏறி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். பலகை அலமாரிக்கு இணையாக நின்றால் போதும், தூக்குக்குண்டுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. பலகையின் அடி கடைசியில் நிற்கப்போகிற உயரத்திலேயே இப்போதும் நிற்க வேண்டும், ஸ்கர்ட்டிங் இருப்பதால் இது முக்கியம். தரையில் தொட்டு நிற்கப்போகிறதென்றால் இப்போதும் தரையில் தொட்டு நிற்கட்டும்.

நேர் விளிம்பில் 8 சீவினாலும் கணக்கு சரியாகத்தான் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த விளிம்பில் பட்டி ஒட்டி வந்திருக்குமே?

---

லயத்துவீடு | ஞாயிறு, 15 ஜூன், காலை 9.30

ஆமாம் அண்ணே, கடையிலேயே விளிம்புப் பட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். அதைச் சீவ முடியாது.

உச்சியில் 30, அடியில் 30 வைத்துப் பார்த்தேன். அலமாரி உண்மையிலேயே சாய்ந்துதான் நிற்கிறது, ரசமட்டக் குமிழி ஓரத்துக்குப் போகிறது. இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லை.

---

வீக்கெண்ட் தச்சன் | ஞாயிறு, 15 ஜூன், காலை 9.50

சரி, நகரும் தூரம் என்று சொன்னதும் விளங்கியது. நான் இதுவரை செய்ததெல்லாம் மேசைத்தட்டு, அதனால் எனக்கு இந்தத் தகராறே வந்ததில்லை. ஆனால் ரசமட்டத்தில் நான் விடமாட்டேன். அலமாரி சாய்ந்தால் முதலில் அலமாரியை நிமிர்த்த வேண்டும். சாய்வை அப்படியே விட்டுப் பலகையைச் சேர்ப்பது அழுக்குச் சட்டைக்கு இஸ்திரி போடுவது.

---

பழைய இழைப்புளி | ஞாயிறு, 15 ஜூன், காலை 10.10

நிமிர்த்தலாம். புத்தகம் எல்லாம் இறக்க வேண்டும். 2100 உயரத்தில் 2 மிமீ சாய்வுக்கு நான் இறக்கமாட்டேன். அவரவர் இடுப்பு.

---

பாசார் முனை | ஞாயிறு, 15 ஜூன், பிற்பகல் 1.15

எனக்கும் இதே பிரச்சினைதான். கடையில் இரண்டு சுவருக்கு நடுவே தட்டு போட வேண்டும். இரண்டு பக்கமும் செங்கல், இரண்டும் கோணல். இடப்பக்கம் 30 திறந்து கோடு போட்டு வெட்டினால் வலப்பக்கம் தானாகச் சேர்ந்துவிடுமா?

---

பழைய இழைப்புளி | ஞாயிறு, 15 ஜூன், பிற்பகல் 2.00

சேராது. உங்களுடையது இதே பிரச்சினை இல்லை. இரண்டு சுவருக்கு நடுவே முழு நீளப் பலகையைப் படுக்கையாக வைக்கவே முடியாது, வைக்க முடியாவிட்டால் கவராயம் பிடிக்கவும் முடியாது. மெல்லிய பிளைவுட் துண்டு இரண்டு எடுத்து, ஒன்றை இடச்சுவருக்கும் ஒன்றை வலச்சுவருக்கும் தனித்தனியாகக் கோடு போட்டு வெட்டிச் சேருங்கள். இரண்டும் அந்தந்தச் சுவரில் ஒட்டி நிற்கும்போது நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஆணி அடித்துப் பிணைத்துவிடுங்கள். அந்த அச்சை எடுத்துத் தட்டின்மேல் வைத்து வரைந்தால் முடிந்தது. தட்டை உள்ளே நுழைப்பது தனிப் பாடு, ஒரு முனையைத் தூக்கிச் சாய்த்துத்தான் இறக்க வேண்டும்.

---

பாசார் முனை | ஞாயிறு, 15 ஜூன், பிற்பகல் 2.05

ஓ. அப்போ கவராயம் தேவையில்லையா?

---

தே தாரேக் | ஞாயிறு, 15 ஜூன், பிற்பகல் 2.20

அண்ணே எழுதினதை இன்னொரு தடவை படிங்க பாஸ். அச்சுக்குத்தான் கவராயம்.

எனக்கு ஒரு சந்தேகம். கவராயத்துக்குப் பதில் இரும்பு வாஷர் ஒன்றைச் சுவரோரம் உருட்டிக்கொண்டே போய், ஓட்டையில் பென்சில் விட்டால் என்ன? மாமா அப்படித்தான் செய்வார். கை நடுங்காது.

---

பழைய இழைப்புளி | ஞாயிறு, 15 ஜூன், இரவு 8.30

மாமா செய்தது பெரும்பாலான சுவருக்குச் சரி. எங்கே கவிழும் என்று தெரிந்துகொண்டு செய்தால் போதும்.

பலகை ஒரே திசையில் நகரப்போகிறது. இங்கே அது படுக்கைவாட்டில் அலமாரியிலிருந்து சுவரை நோக்கி. ஆகவே முள்ளும் பென்சிலும் எப்போதும் அந்தத் திசையில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சுவர் எப்படி வளைந்தாலும் கவராயம் திரும்பக் கூடாது. கை இயல்பாகச் செய்வது இதற்கு நேர்மாறு. சுவர் சாய்கிற இடத்தில் கையும் சாய்ந்து, கவராயத்தைச் சுவருக்குச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளும். வாஷர் எப்போதுமே அப்படித்தான் ஓடும், அதற்கு வேறு வழி தெரியாது.

நான் பட்டறையில் பழகியபோது பெரியவர் ஒருவர் பலகை முகத்தில் மூலைமட்டம் வைத்து நெடுக மெல்லிய படுக்கைக் கோடுகள் போட்டுவிடுவார். கவராயம் ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் இரண்டு நுனியும் அந்தக் கோட்டின் மேல் இருக்கிறதா என்று கண் பார்க்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் இந்தக் கோடுகளைப் போட்டால் மைக்கா அழுக்காகாது, கருப்பு மைக்காவில் பென்சிலும் தெரியும்.

---

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, 15 ஜூன், இரவு 9.15

இதைக் கணக்காகவே போடலாம். திறப்பு 30, கவராயம் சுவருக்குச் செங்குத்தாகத் திரும்பிவிட்டது என்று வையுங்கள். சுவர் 5 பாகை சாய்ந்த இடத்தில் பிசகு 0.1 மிமீ. யாருக்கும் தெரியாது. 20 பாகையில் கிட்டத்தட்ட 2 மிமீ. 45 பாகையில் 12 மிமீ. பிசகு எல்லாம் ஒரே பக்கம்தான், தேவைக்குமேல் மரம் போய்விடும், பலகை உட்கார்ந்த பிறகு அந்த இடத்தில் வெளிச்சம் தெரியும்.

சாதாரணமாக நெளிந்த சுவர் எங்குமே 5 பாகையைத் தாண்டாது. ஆகவே வாஷரோ கவராயமோ ஒன்றுதான். ஸ்கர்ட்டிங் ஓடு, மின்கம்பிக் குழாய், தூண் ஓரம் இந்த மூன்றும் வரும் இடத்தில்தான் வேறுபாடு.

---

தே தாரேக் | ஞாயிறு, 15 ஜூன், இரவு 9.20

பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் நான் பின்வரிசையில் தூங்கியிருக்க மாட்டேன் சார்.

---

லயத்துவீடு | திங்கள், 16 ஜூன், மாலை 5.45

ஸ்கர்ட்டிங்தான் எனக்கும் குழப்பம். சனிக்கிழமை போட்ட 21 கோட்டில் ஓட்டின் மேல்விளிம்பு வரும் இடத்தில் பென்சில் ஒரு கால்வட்டம் போட்டிருக்கிறது. ஓடோ சதுரமாக இருக்கிறது. இது கை திரும்பியதாலா?

இன்னொன்று. முள்ளைப் பலகைக்குப் பின்னால் ஆழமாக விட்டுச் சுவரைத் தொட வைப்பதா, முன்னாலேயே வைப்பதா? பலகை இப்போது அலமாரி முகப்புக்கு முன்னால் நிற்கிறது. கடைசியில் 18 மிமீ உள்ளே போய் முகப்போடு சமமாக நிற்கப்போகிறது. சுவரின் அந்த இடத்தைத்தானே முள் தொட வேண்டும்?

---

கணக்கு வாத்தியார் | திங்கள், 16 ஜூன், இரவு 7.30

இரண்டாவது கேள்வி அருமையான கேள்வி, அதில் ஒரு பொறி இருக்கிறது. பென்சில் பலகை முகத்தில், முள் 18 மிமீ பின்னால். கவராயம் 30 திறந்திருக்கிறது. இப்போது அந்த 30 சாய்வான நீளம். படுக்கைவாட்டில் உண்மையாகக் கிடைப்பது எவ்வளவு? 18, 24, 30. நம் பழைய 3, 4, 5 முக்கோணம்! 24தான் கிடைக்கும். 6 மிமீ பறிபோகும்.

பலகை 6 மிமீ அகலமாக நின்றுவிடும், அது வெட்டித் திருத்தக்கூடிய பிசகுதான். ஆனால் முள் சில இடத்தில் 18 ஆழமும் சில இடத்தில் 10 ஆழமும் போனால் கோடே நெளிந்துவிடும்.

---

பழைய இழைப்புளி | திங்கள், 16 ஜூன், இரவு 9.00

வாத்தியார் சொன்னதை நான் கணக்காகப் பார்த்ததில்லை, ஆனால் கை அறிந்த விஷயம். இரண்டு நுனியும் ஒரே தளத்தில், பலகை முகத்தின் தளத்தில் இருக்கட்டும். 18 மிமீ ஆழத்துக்குள் சுவர் அப்படி ஒன்றும் மாறிவிடாது. சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன அளவுகோலைச் சுவரோடு ஒட்டி, முன்னாலிருந்து உள்ளே நகர்த்திப் பாருங்கள். எங்காவது தடுக்கினால் அந்த இடத்தை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு சீவும்போது கவனிக்கலாம்.

ஸ்கர்ட்டிங்குக்கு வருவோம். கால்வட்டம் கை திரும்பியதால்தான். முள் சுவரில் இறங்கி வந்து ஓட்டின் மேல்விளிம்பில் தட்டும். அங்கே நிறுத்தி, கவராயத்தைத் திருப்பாமல் முள்ளை ஓட்டின்மேல் வெளியே இழுங்கள். பென்சிலும் படுக்கையாக அதே 10 மிமீ நகரும். ஓரம் வந்ததும் மீண்டும் கீழே இறக்குங்கள். படி படியாகவே வரும். முள்ளும் பென்சிலும் ஒரே மட்டத்தில் இல்லாமல் பென்சில் 3 மிமீ தாழ்ந்திருந்தால் படியும் 3 மிமீ தாழ்ந்து விழும். ஆகவே அந்த இடத்துக்கு ஒரு படுக்கைக் கோடு கட்டாயம் போடுங்கள்.

கவராயம் பள்ளிக்கூடப் பெட்டியில் வருகிற வகை என்றால் எச்சரிக்கை, வழியில் திறப்பு தளரும். பலகையின் ஓர் ஓரத்தில் 30 என்று இரண்டு புள்ளி குத்தி வைத்துக்கொண்டு, கோடு முடிந்ததும் அதில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கோட்டை நம்ப வேண்டாம். திருகு இறுக்கும் வகை ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும்.

---

வீக்கெண்ட் தச்சன் | திங்கள், 16 ஜூன், இரவு 9.40

முள் பற்றி நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கையால் பூசிய சுவரில் 18 மிமீக்குள் 2 மிமீ மாறுவதைப் பார்த்திருக்கிறேன், முக்கியமாகச் சன்னல் ஓரங்களில். நான் என்ன செய்வேன் என்றால் 30 மிமீ அகலத்தில் ஒரு சின்னக் கட்டையை ஒரு பக்கம் கூராகச் சீவி, அதன் பின்பக்கம் ஒரு 18 மிமீ காலும் ஒட்டிவிடுவேன். அந்தக் கால் பலகைக்குப் பின்னால் சுவரைத் தொடும், முன்பக்கம் பென்சில். சாய்வே இல்லை, வாத்தியாரின் முக்கோணமும் இல்லை.

---

பழைய இழைப்புளி | திங்கள், 16 ஜூன், இரவு 9.55

நல்ல கட்டை. புடைப்பில் பலகைக்கும் சுவருக்கும் ஒரு மிமீ தான் இருக்கிறது, உங்கள் கால் அங்கே எப்படி நுழையும்?

---

வீக்கெண்ட் தச்சன் | திங்கள், 16 ஜூன், இரவு 10.00

பலகையைப் பின்னுக்கு நகர்த்தி 40 ஏறி நிற்க வைத்து, கட்டையையும் 40 ஆக்குவேன். நீங்களே சொன்ன விதிதான் அண்ணே.

---

தே தாரேக் | திங்கள், 16 ஜூன், இரவு 10.02

அடி சக்கை.

---

லயத்துவீடு | புதன், 18 ஜூன், மாலை 6.20

கோடு போட்டாயிற்று. டேப் ஒட்டி, படுக்கைக் கோடுகள் போட்டு, 30 திறந்து, 30 ஏற்றி. அளந்தால் உச்சியில் 62, நடுவில் 41, கீழே 54. ஓட்டருகே படி சதுரமாக விழுந்திருக்கிறது, 44.

இப்போது வெட்டுவது. என்னிடம் ஜிக்சா இருக்கிறது. மைக்கா பெயர்ந்துவிடும் என்று பயம். துண்டுப் பலகையில் வெட்டிப் பார்த்தேன், மேல்பக்கம் எலி கடித்த மாதிரி இருக்கிறது.

---

பழைய இழைப்புளி | புதன், 18 ஜூன், இரவு 8.45

சாதாரண ஜிக்சா அலகின் பல் மேல்நோக்கி இருக்கும், மேலே இழுக்கும்போது வெட்டும். ஆகவே பெயர்வது எப்போதும் மேல்பக்கம். பலகையைக் கவிழ்த்து வெட்டலாம் என்பார்கள், ஆனால் கோடு முகத்தில் இருக்கிறதே. கோட்டைப் பின்பக்கம் மாற்றி வரைவது இன்னொரு பிசகுக்கு இடம் கொடுப்பது.

நான் செய்வது இது. முகம் மேலே, கோட்டுக்கு வெளியே 2 மிமீ விட்டு வெட்டுவேன். பெயர்வது அந்த 2 மிமீக்குள் அடங்கிவிடும். அந்த 2 மிமீயை ரம்பத்தால் எடுப்பதில்லை, அரத்தாலும் மணல்தாளாலும் எடுப்பேன். இழைப்புளி வேண்டாம் (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்), பிளைவுட் பசை அலகை மழுங்கடித்துவிடும், மைக்கா இன்னும் மோசம்.

ஜிக்சாவின் அடித்தட்டை 5 பாகை சாய்த்துக்கொள்ளுங்கள், முகப்பக்கம் நீண்டும் பின்பக்கம் உள்வாங்கியும் வரும்படி. எந்தப் பக்கம் சாய்ப்பது என்று துண்டுப் பலகையில் பார்த்துக்கொண்டு பிறகு செய்யுங்கள், தலைகீழாகச் சாய்ப்பது மிகச் சுலபம். 18 மிமீ தடிப்புக்கு 5 பாகை என்றால் பின்பக்கம் ஒன்றரை மிமீ உள்ளே போகும். இதனால் சுவரைத் தொடுவது முன்விளிம்பு மட்டும்தான். சேர்க்கும்போது ஒரு மெல்லிய ஓரத்தை மட்டும் சீவினால் போதும், 18 மிமீ முழுவதையும் அரைக்க வேண்டியதில்லை. முந்தாநாள் நானும் வீக்கெண்ட் தச்சனும் சண்டை போட்ட பின்பக்க 2 மிமீயும் இதில் பெரும்பாலும் கரைந்துவிடும்.

அரம் பிடிக்கும்போது முகத்திலிருந்து பின்பக்கம் நோக்கித் தள்ளுங்கள். பின்னிருந்து முன்னால் இழுத்தால் மைக்காவைத் தூக்கிவிடும்.

படியின் உள்மூலையில் ஜிக்சா திரும்பாது. இரண்டு பக்கத்திலிருந்தும் தனித்தனியாக வெட்டி வந்து மூலையில் சேருங்கள்.

---

கணக்கு வாத்தியார் | புதன், 18 ஜூன், இரவு 9.10

இப்படிச் சாய்த்து வெட்டினால் மேலிருந்து பார்க்கும்போது இடைவெளி தெரியாதா? பலகையின் உச்சி முனை அலமாரிக்கு மேலே தெரிகிறதென்றால்?

---

பழைய இழைப்புளி | புதன், 18 ஜூன், இரவு 9.25

தெரியும். முனை கண்ணில் படும் இடத்தில் கடைசி 20 மிமீக்குச் சாய்வில்லாமல் நேராக வெட்ட வேண்டும். தங்கையின் அலமாரி 2100, எட்டிப் பார்ப்பவர் யார்?

---

தே தாரேக் | புதன், 18 ஜூன், இரவு 9.30

பல்லி.

---

லயத்துவீடு | சனி, 21 ஜூன், பிற்பகல் 12.40

வெட்டி, அரம் போட்டு, தள்ளிப் பார்த்தேன். நேர் விளிம்பு அலமாரியோடு சேர 3 மிமீ பாக்கி, அதற்குமேல் போகவில்லை. எங்கோ முட்டுகிறது, எங்கே என்று தெரியவில்லை. டார்ச் அடித்தால் பல இடத்தில் வெளிச்சம், பல இடத்தில் இருட்டு.

---

பழைய இழைப்புளி | சனி, 21 ஜூன், பிற்பகல் 1.30

இருட்டாகத் தெரியும் இடம் எல்லாம் முட்டும் இடம் அல்ல. சுவரில் பலகை வரும் தடத்தில் பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டியைத் தேயுங்கள், வெள்ளைச் சுவராக இருந்தால் வேறு நிறம். தச்சர் நூலுக்குப் போடும் நீலப்பொடி வேண்டாம், சுவரைவிட்டு லேசில் போகாது. பலகையைத் தள்ளி, ஒரு தட்டுத் தட்டி, வெளியே எடுங்கள். விளிம்பில் நிறம் ஒட்டிய இடம்தான் முட்டுகிறது. அதை மட்டும் சீவுங்கள். மறுபடியும் தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் நிறம் ஒட்டும் இடம் கூடிக்கொண்டே வர வேண்டும். கூடாமல் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் பின்பக்கம் முட்டுகிறது என்று அர்த்தம், பின்பக்கச் சாய்வை அங்கே இன்னும் கொஞ்சம் அரமிடுங்கள்.

வெளிச்சம் தெரியும் இடத்தைத் தொடாதீர்கள்.

---

லயத்துவீடு | சனி, 21 ஜூன், மாலை 5.10

முட்டியது ஸ்கர்ட்டிங் படியின் மூலையில். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே பழைய சிமெண்டு ஒரு சின்ன உருண்டையாக நிற்கிறது, முள் அதைத் தொடாமல் தாண்டிப் போயிருக்கிறது போல. மூலையை ஓர் அரம் சுரண்டியதும் பலகை சர்ரென்று போய் அலமாரியோடு சேர்ந்துவிட்டது.

புடைப்புக்குக் கீழே ஒரு முழம் நீளத்துக்கு ஒரு மிமீ வெளிச்சம் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் தாள் நுழையாது.

---

வீக்கெண்ட் தச்சன் | சனி, 21 ஜூன், மாலை 5.30

ஒரு மிமீக்குச் சுவர் நிறத்தில் பெயிண்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் பூச்சு போதும். சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது. பிறகு சுவருக்கு வர்ணம் அடிக்கும்போதெல்லாம் அந்தக் கோடு தனியாகத் தெரியும்.

---

பழைய இழைப்புளி | சனி, 21 ஜூன், இரவு 8.00

அது சரி. அதற்கு முன் வெட்டிய விளிம்புக்கு இரண்டு கை வார்னிஷ் கொடுங்கள். பிளைவுட்டின் அறுத்த ஓரம் ஈரம் குடிக்கும். அது வெளிச்சுவராக இருந்தால் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். அடிமுனையையும் மறக்க வேண்டாம், வீடு கழுவும் தண்ணீர் முதலில் போவது அங்கேதான்.

பலகையைச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். அலமாரியின் உள்பக்கத்திலிருந்து திருகாணி போட்டு அலமாரியோடு மட்டும் பிடியுங்கள். நாளைக்கு அலமாரியை நகர்த்தினால் அதுவும் கூடவே வரும்.

---

கணக்கு வாத்தியார் | சனி, 21 ஜூன், இரவு 8.20

கித்தா மரப் பலகையில் செய்தால் பிளைவுட்டைவிட அரமிடச் சுலபமா? இங்கே கடையில் துண்டு துண்டாக ஒட்டிய கித்தா மரப் பலகை மலிவாகக் கிடைக்கிறது.

---

பழைய இழைப்புளி | சனி, 21 ஜூன், இரவு 9.10

சுலபம், இழைப்புளியும் ஓடும். என் அப்பா காலத்தில் தோட்டத்தில் அந்த மரத்தைப் பலகையாகவே யாரும் நினைக்கவில்லை, வெட்டினால் புகைக்கூடத்து அடுப்புக்குத்தான் போகும். இப்போது மருந்து ஏற்றிய பலகை நன்றாகவே நிற்கிறது. ஆனால் மருந்து ஏற்றாததை வாங்கினால் பூச்சி துளைத்து மாவாகக் கொட்டும். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். ஈரம் படும் சுவர் என்றால் நான் அதையும் பயன்படுத்தமாட்டேன், மெராந்தி எடுப்பேன்.

---

பாசார் முனை | ஞாயிறு, 22 ஜூன், காலை 11.00

அச்சு வெட்டிச் சேர்த்துவிட்டேன், இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கிறது. ஆணியும் அடித்தாயிற்று. இப்போது அச்சையே வெளியே எடுக்க முடியவில்லை. சுவர் உள்ளே போகப் போக அகலமாகிறது போல, முன்பக்கம் குறுகல். என்ன செய்வது?

---

பழைய இழைப்புளி | ஞாயிறு, 22 ஜூன், பிற்பகல் 12.15

ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் இரண்டு துண்டின் விளிம்பையும் பென்சிலால் குறித்துவிட்டு ஆணியைப் பிடுங்குங்கள். தனித்தனியாக வெளியே எடுத்து, குறியில் சேர்த்து மறுபடியும் அடியுங்கள். அச்சு கிடைத்துவிடும்.

ஆனால் முன்பக்கம் குறுகல் என்றால் தட்டும் அதே வழியில் உள்ளே போகாது. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். தட்டை இரண்டாக வெட்டி நடுவில் சேர்ப்பதா, மேலிருந்து சாய்த்து இறக்க இடம் இருக்கிறதா என்று அதற்குப் பிறகு பார்ப்போம்.